புதுப்பிப்பு: அப்பத்தாவும் கைக்கடிகாரமும்

முன்பு கேட்டது: "பள்ளிக்கூடம் போகாத அப்பத்தாவுக்கு முள் வாட்சில் மணி பார்க்க எப்படிச் சொல்லித் தருவது?"

சின்ன முள்ளில் தொடங்கச் சொன்னவருக்கு நன்றி. பழைய சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள்ளைக் கழற்றிவிட்டுக் காட்டினேன். "ரெண்டைத் தாண்டிருச்சு, மூணு இன்னும் வரலை" என்று சட்டென்று பிடித்துக்கொண்டார். நிமிடம் இன்னும் சுலபம். சந்தையில் எலுமிச்சம்பழத்தை ஐந்தைந்தாக எண்ணி விற்றவர் ஆயிற்றே.

சிக்கல் 2:50இல் வந்தது. சின்ன முள் மூன்றை ஒட்டி நின்றதால் "மூணு அம்பது" என்றார்.

"மூணைத் தாண்டிருச்சா அப்பத்தா?"

"இல்லடி. அப்ப ரெண்டு அம்பது."

டிஜிட்டல் வாட்ச் வாங்கிக் கொடு என்கிறார் மாமா. "பஸ்ஸுக்கு இன்னும் எம்புட்டு நேரம் கெடக்குன்னு அதுல கண்ணுக்குத் தெரியுமா?" என்று அப்பத்தா மறுத்துவிட்டார்.

இரண்டு முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று நின்றால் மட்டும் இன்னும் தடுமாறுகிறார். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?