"அந்த சீட் எனக்குத்தானே?" என்று கேட்டால் என்ன சொல்வது

மாலைநேரம்: எங்கள் பிரிவு மேலாளர் 18 மாதத்தில் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு யோசித்து வைத்திருக்கும் பட்டியலில் என் ஆட்கள் இருவர். அதில் ஒருவர் போன வாரம், "அந்த சீட் எனக்குத்தானே சார்?" என்று கேட்டுவிட்டார். மழுப்பிவிட்டேன். மறுபடி கேட்டால்?

நேர்கோடு: வாயைத் திறக்காதீர்கள். பட்டியலில் இருப்பது தெரிந்தாலே பாதிப் பதவி வந்துவிட்டதாக நினைப்பார். இல்லாதவர் வேறு வேலை தேடுவார்.

பழைய_எச்ஆர்: பாதி சரி. பெயர்களையும் வரிசையையும் சொல்லக்கூடாது. பட்டியலே வருடா வருடம் மாறும். ஆனால் ஒன்றுமே சொல்லாவிட்டால், தன்னை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று முதலில் கிளம்புவது நல்ல ஆள்தான்.

முதலில் அந்த வேலை அவருக்கு வேண்டுமா என்று கேளுங்கள். அப்புறம் நான் ஏறக்குறைய இப்படிச் சொல்வேன்: "பெரிய பொறுப்புக்கு வரக்கூடியவர்களில் ஒருவராக உங்களைப் பார்க்கிறோம். அந்த இடத்துக்கு யார் என்று முடிவாகவில்லை, முடிவு என் கையிலும் இல்லை. வெளியாள்கூட வரலாம். உங்களுக்கு பட்ஜெட் போட்ட அனுபவம் இல்லை. அடுத்த வருட பட்ஜெட்டை என்னோடு உட்கார்ந்து போடுங்கள்."

பேச்சில் வழுக்கும் இடம் "அவர் போனதும் நீங்கள்..." என்று ஆரம்பிக்கும் வாக்கியம். கடைசியில், என்ன புரிந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். "சரி, 18 மாதம் பொறுக்கணும்" என்றால், நீங்கள் வாக்குக் கொடுத்ததாகத்தான் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம்_ஷிப்ட்: என்னிடம் "தயாராக இரு" என்றார்கள். இரண்டு வருடம் பொறுப்பு மேலாளர், பழைய சம்பளம். வெளியே வந்த ஒரு வேலையையும் வேண்டாம் என்றேன். கடைசியில் வெளியாளைப் போட்டார்கள். கேட்டால், "நாங்கள் எப்போது சொன்னோம்?"

பழைய_எச்ஆர்: தற்காலிகப் பொறுப்பு கொடுத்தால் முடியும் தேதியும் கூடுதல் படியும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாற்காலியே வாக்குறுதி ஆகிவிடும். மேலே சொன்ன பேச்சையும் அன்றைக்கே நாலு வரி மெயிலாகப் போட்டுவிடுங்கள்.

நேர்கோடு: மெயிலா? நாளைக்கு அதையே நீட்டி, "வரக்கூடியவர் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்" என்பார்.

பழைய_எச்ஆர்: "முடிவாகவில்லை" என்ற வரியும் அதே மெயிலில்தானே இருக்கிறது.

நேர்கோடு: அந்த வரியை யார் படிக்கிறார்கள்?

மாலைநேரம்: கேட்காமல் இருக்கும் இன்னொருவரை என்ன செய்வது?

பழைய_எச்ஆர்: அதே வாரம் அவரிடமும் பேசுங்கள். கேட்டவருக்கு மட்டும் பதில் என்றால், கேட்டால்தான் கிடைக்கும் என்று ஆகிவிடும்.

மாலைநேரம் (10 நாள் கழித்து): இருவரிடமும் பேசிவிட்டேன். கேட்டவர் முகம் சுருங்கியது, ஆனால் பட்ஜெட்டுக்கு ஒத்துக்கொண்டார். இன்னொருவர், "ஆளைக் கட்டி மேய்க்கும் வேலையே எனக்கு வேண்டாம் சார்" என்கிறார். பட்டியலில் முதல் பெயர் அவருடையது.