சந்தேகம்: பேரல் திருத்தம் செய்த பிறகு ஓரத்தில் இழுபட்ட கோடுகள், எப்படி வெட்டுவது?

முற்றம்140
எல்லாருக்கும் வணக்கம். வைட் ஆங்கிள்ல எடுத்த படங்களுக்கு இமேஜ்மேஜிக்ல பேரல் திருத்தம் போட்டேன். படத்தோட ஓரத்துல கலர் எல்லாம் தேய்ச்சு இழுத்த மாதிரி கோடு கோடா வருது. இதை வெட்டணும், எவ்வளவு வெட்டணும்னு தெரியல. கண்ணால பாத்து வெட்டினா ஒரு படத்துல சரியா இருக்கு, இன்னொண்ணுல கோடு மிச்சம் நிக்குது. 140 படம் இருக்கு. கொஞ்சம் அவசரம்.

கிட்லென்ஸ்_குமரன்
என்ன கட்டளை கொடுத்தீங்க? படத்தோட அளவு என்ன? எல்லாம் ஒரே ஜூம்ல எடுத்ததா?

பழையலென்ஸ்
கட்டளை, லென்ஸ், அளவு மூன்றும் இல்லாமல் கேள்வி கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. இந்தப் பகுதியின் முதல் பதிவைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். பதில் எளியது: 100 சதவீதத்தில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். மூலை சுத்தமாகும் வரை உள்ளே வெட்டுங்கள். மூலை சுத்தம் என்றால் படமே சுத்தம்.

நிழல்கூடு
எனக்கும் இதே பிரச்சினைதான் ப்ரோ. ஃபோன் 0.5ல எடுத்த படத்துக்குத் திருத்தம் போட்டா கோடெல்லாம் உள்பக்கமா வளையுது. என்ன பண்றது?

அளவுகோல்
நிழல்கூடு, உங்களுடையது வேறு பிரச்சினை. பெரும்பாலான ஃபோன்கள் ஜேபெக் சேமிக்கும்போதே தாமாகத் திருத்திவிடும். நீங்கள் அதன்மேல் இரண்டாவது முறை திருத்துகிறீர்கள், அதனால்தான் உள்ளே வளைகிறது. ஒன்றும் செய்யாமல் விடுங்கள்.

முற்றம்140, குமரன் கேட்டதைச் சொல்லுங்கள். குறிப்பாக, அடைப்புக்குறிக்குள் நான்காவது எண் கொடுத்தீர்களா?

முற்றம்140
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். 6000x4000, கிட் லென்ஸ், எல்லாமே 18 மி.மீ. காரைக்குடிப் பக்கம் எங்க தாத்தா வீடு, அடுத்த மாசம் பிரிக்கிறாங்க. அதுக்குள்ள முகப்பு, முற்றம், பட்டாலை எல்லாத்தையும் பதிவு பண்ணி வைக்கிறேன். தூண் நேரா நிக்கணும், அதான் முக்கியம். ஹுகின்ல நேர்கோடு வெச்சுப் பாத்ததுல b = -0.03 வந்துச்சு. கட்டளை:

```
magick in.jpg -distort Barrel "0 -0.03 0 1.1" out.jpg
```

முதல்ல நான்காவது எண் போடல. அப்ப கோடு வரல, ஆனா மூலை வெளிய போயிடுச்சு. மூலையிலதான் தூணோட போதிகை இருக்கு, அதுல இருக்கிற வேலைப்பாடு வேணும். அதனால 1.1 போட்டு உள்ள இழுத்தேன். இன்னொண்ணு, இப்ப தூண் மறுபடியும் லேசா வளைஞ்ச மாதிரி தெரியுது. அது என் பிரமையான்னு தெரியல.

சுவர்_சாயாதவர்
தூண் வளையவில்லை தம்பி, சாய்ந்திருக்கும். கேமராவை மேலே நோக்கிப் பிடித்தால் தூண்கள் மேலே போகப் போக நெருங்கும். அதற்குப் பேரல் திருத்தம் எதுவும் செய்யாது, பெர்ஸ்பெக்டிவ் திருத்தம்தான் வேண்டும். ஸ்டாண்டில் மட்டம் பார்த்து வைத்து மறுபடி எடுங்கள்.

முற்றம்140
இல்ல சார், மட்டம் பாத்துதான் எடுத்தேன். சாய்வு இல்ல, நடு வயிறு வெளிய தள்ளின மாதிரி.

அளவுகோல்
உங்கள் கண்ணில் பட்டது சரி, பிரமை இல்லை. இரண்டு பிரச்சினைக்கும் காரணம் அந்த 1.1 தான்.

முதலில் கோடுகள். நான்காவது எண்ணை விட்டுவிட்டால் நான்கு எண்களின் கூட்டுத்தொகை 1 வரும்படி இமேஜ்மேஜிக் தானே 1.03 என்று எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் மேல் ஓரத்தின் நடுப்புள்ளி நகராமல் அங்கேயே நிற்கும், மூலைகள் வெளியே தள்ளப்படும். காலி இடம் எங்கேயும் வராது. நீங்கள் 1.1 கொடுத்ததும் மொத்தப் படமும் சுருங்குகிறது. சுருங்கிய படத்தின் வடிவம் செவ்வகம் இல்லை. நான்கு மூலையும் எட்டி நீண்டு, நான்கு பக்கமும் உள்ளே குழிந்திருக்கும், காயப்போட்ட தோலை நான்கு மூலையில் முளையடித்து இழுத்தது போல. அந்தக் குழிவை நிரப்ப மென்பொருள் ஓரப் பிக்சலின் நிறத்தையே திரும்பத் திரும்பப் போடுகிறது. அதன் இயல்பான ஏற்பாடே அதுதான். நீங்கள் பார்க்கும் கோடு அது.

அதனால் மூலையைப் பார்த்து வெட்டினால் ஏமாறுவீர்கள். மூலைதான் கடைசியாகக் கெடும் இடம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவில் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரோ வானமோ ஓரத்தில் இருந்தால் இழுபட்ட கோடு கண்ணுக்கே தெரியாது, ஓடு இருந்தால் உடனே தெரியும். ஒரு படத்தில் சரியாகவும் இன்னொன்றில் மிச்சமாகவும் உங்களுக்குத் தெரிந்தது இதனால்தான். வெட்ட வேண்டிய அளவு 140 படத்துக்கும் ஒன்றே. எல்லை தெரிய ஒரே ஒரு படத்துக்கு இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```
magick in.jpg -background magenta -virtual-pixel background \
  -distort Barrel "0 -0.03 0 1.1" test.png
```

இழுபட்ட இடம் முழுக்க மெஜந்தா நிறமாகிவிடும்.

பழையலென்ஸ்
மூலையைப் பார்ப்பதுதான் காலகாலமாக எல்லோரும் செய்வது. ஜிம்ப்பில் முப்பது நொடி வேலையை ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள்?

அளவுகோல்
பின்குஷன் கோணலைத் திருத்தும்போது மூலைதான் காலியாகும், அங்கே நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பேரலில் அது தலைகீழ்.

இனி வளைவு. நான்காவது எண்ணான D வெறும் ஜூம் இல்லை. இரண்டாவது எண்ணான B-ஐத் தொடாமல் D-ஐ மட்டும் ஏற்றினால் திருத்தத்தின் பலமே குறைகிறது. பலத்தை நிர்ணயிப்பது B-ஐ D-இன் மும்மடியால் வகுத்தால் வரும் எண். 1.03 வைத்தால் அது 0.0275 அளவில் இருக்கிறது, 1.1 வைத்தால் 0.0225. அதாவது வேண்டிய திருத்தத்தில் 82 சதவீதம்தான் நடந்திருக்கிறது, மீதி வளைவு தூணில் நிற்கிறது. படத்தைச் சுருக்க வேண்டுமானால் D-ஐ எத்தனை மடங்கு ஏற்றுகிறீர்களோ, B-ஐ அந்த மடங்கின் மும்மடியால் பெருக்க வேண்டும்.

உங்கள் மூலை அப்படியே உள்ளே வர 1.095 மடங்கு வேண்டும். 1.03ஐ அதால் பெருக்கினால் 1.1279. 1.095இன் மும்மடி 1.313, அதனால் B -0.0394. இப்படிப் போட்டால் மேலும் கீழும் நடுவில் 174 பிக்சல், இடமும் வலமும் 135 பிக்சல் காலியாகும். உள்ளே நிற்கும் சுத்தமான செவ்வகம் சுமார் 5730 x 3652. ஓரத்தில் நிறம் கலக்கும் என்பதால் ஆறேழு பிக்சல் உள்ளே வாருங்கள்:

```
magick in.jpg -distort Barrel "0 -0.0394 0 1.1279" \
  -gravity center -crop 5716x3640+0+0 +repage out.jpg
```

கிட்லென்ஸ்_குமரன்
அது 3:2 இல்லையே அக்கா? பிரின்ட் போடறப்ப இடிக்குமே.

அளவுகோல்
ஆமாம், நல்ல கேள்வி. 3:2 வேண்டுமென்றால் 5478 x 3652 தான் கிடைக்கும். அது எதைக் காட்டுகிறதோ அதையேதான் நான்காவது எண் போடாத முதல் கட்டளையும் 6000 x 4000 அளவில் காட்டுகிறது. பக்கவிகிதம் மாறக் கூடாது என்றால் D-ஐத் தொடவே வேண்டாம், வெட்டவும் வேண்டாம். விகிதத்தை விட்டுக்கொடுத்தால் மட்டுமே இடம் வலமாகச் சேர்த்து 250 பிக்சல் அளவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். போதிகை அந்த 250க்குள் வந்தால் லாபம். நேர் மூலையிலேயே இருந்தால் அது எந்தச் செவ்வகத்துக்குள்ளும் முழுசாக வராது.

நிறக்குடம்
எதுக்கு வெட்டணும்? -virtual-pixel mirror போட்டா ஓரம் பிரதிபலிச்சு நிரம்பிடும். இல்ல ஜிம்ப்ல குளோன் பண்ணிடலாம். ஒரு பிக்சல் கூட வீணாகாது.

சுவர்_சாயாதவர்
இடிக்கப் போகும் வீட்டின் பதிவு இது. இல்லாத ஓட்டையும் இல்லாத உத்தரத்தையும் ஓரத்தில் வரைந்து வைத்தால், பின்னால் பார்ப்பவர் அதையும் வீடு என்றுதான் நம்புவார். நான் பழைய வீடுகளை அளந்து வரைபடம் போட்டவன். படத்தில் ஒரு தூண் கூடுதலாகத் தெரிந்தால் வரைபடத்திலும் ஒரு தூண் ஏறும்.

நிறக்குடம்
174 பிக்சல்ல யாரு சார் தூணை எண்ணப் போறாங்க? குடும்ப ஆல்பத்துக்குன்னா பாக்க அழகா இருக்கணும்.

சுவர்_சாயாதவர்
ஆல்பத்துக்கு ஒரு பிரதி, பதிவுக்கு ஒரு பிரதி வையுங்கள். பதிவுப் பிரதியில் நிரப்பக் கூடாது, அவ்வளவுதான் என் கட்சி.

பழையலென்ஸ்
இரண்டுக்கும் மேலாக அசல் கோப்பை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். வெட்டியதைத் திருத்தக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பே வெட்டிய படத்தில் நடுப்புள்ளி மாறியிருக்கும், இந்த எண்கள் எதுவும் பொருந்தாது.

அளவுகோல்
பழையலென்ஸ் சொல்வது மிகச் சரி. திருத்தம் முதலில், வெட்டு பிறகு. முற்றம்140, கேமராவை நெடுக்குவாக்கில் பிடித்து எடுத்தவை இருந்தால் Barrel எண்கள் மாற வேண்டாம், ஏனென்றால் சிறிய பக்கத்தின் பாதியைத்தான் அது அளவாக எடுக்கிறது. in.jpg-க்கு அடுத்து -auto-orient சேர்த்து, வெட்டும் அளவை 3640x5716 என்று மாற்றுங்கள். 18 மி.மீ. இல்லாத படம் எதற்கும் இதைப் போடாதீர்கள்.

முற்றம்140
போட்டுப் பாத்தேன் அக்கா, மெஜந்தா சுத்தமா போயிடுச்சு. தூண் ஸ்கேல் வெச்ச மாதிரி நிக்குது. முகப்புப் படத்துல ரெண்டு போதிகையில ஒண்ணு முழுசா வந்துடுச்சு, இன்னொண்ணு பாதி. இடது கோடியில இருக்கிற ஒரே ஒரு தூண் மட்டும் இன்னும் மயிரிழை வளைவு, வலதுல இல்ல. மீதியை ராத்திரி ஓட்டறேன். ரொம்ப நன்றி.

அளவுகோல்
ஒரு பக்கம் மட்டும் என்றால் லென்ஸின் மையம் படத்தின் மையத்தில் இல்லாமல் இருக்கலாம். D-க்குப் பிறகு மையப்புள்ளியின் X, Y இரண்டையும் கொடுக்க Barrel இடம் தருகிறது. ஆனால் அப்படிக் கொடுத்தால் நான்கு பக்கக் காலியிடமும் சமமாக இராது, -gravity center வைத்து வெட்ட முடியாது. ஹுகினில் மையத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு d, e என்ன வருகிறது என்று போடுங்கள், பார்க்கலாம். அல்லது அந்தத் தூணே உண்மையில் வளைந்ததாகவும் இருக்கலாம். வீட்டில் ஒரு நூலைக் கட்டிப் பார்த்துவிடுங்கள்.

கிட்லென்ஸ்_குமரன்
நூல் கட்டிப் பாத்தீங்களா முற்றம்? எனக்கும் அதே லென்ஸ்தான் இருக்கு, தெரிஞ்சா உதவும்.

நிழல்கூடு
ஃபோன்ல ரா எடுத்தா இந்தத் தானியங்கித் திருத்தம் இருக்காதா?