அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு: குடும்பக் குழுவில் கொய்யா இலைப் பேச்சு

அம்மா: காலையிலிருந்து இவருக்கு ஐந்தாறு முறை வயிற்றால் போய்விட்டது. கொய்யா இலை கஷாயம் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். எத்தனை இலை போட வேண்டும்?

பெரியப்பா: கொழுந்து இலை ஒரு கைப்பிடி போட்டுக் கொதிக்க வை. சர்க்கரைக்கும் அதுதான் மருந்து சாந்தி. நான் தினமும் வெறும் வயிற்றில் குடிக்கிறேன். அவனும் குடித்தால் மாத்திரையே வேண்டாம்.

அத்தை: எனக்கும் புது சர்க்கரை மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வயிறு சரியில்லை. நானும் குடிக்கலாமா?

மலர் அக்கா: சித்தி, ஒரு கைப்பிடி வேண்டாம், ஆறேழு இலை போதும். மருந்து அடிக்காத மரத்து இலையாகப் பார்த்துக் கழுவுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் ஒரு டம்ளராக வற்றியதும் வடிகட்டி, ஆறிய பிறகு அரை டம்ளர் கொடுங்கள். மீதியைச் சாயந்திரம் கொடுக்கலாம். சர்க்கரை, தேன் சேர்க்காதீர்கள். அந்தத் துவர்ப்பு குடலின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வெளியே போன தண்ணீரையும் உப்பையும் அது திருப்பித் தராது. அதற்கு ஓஆர்எஸ் வேண்டும். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டரில் ஒரே தடவையாகக் கரையுங்கள். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கண்ணளவில் போடக் கூடாது.

அம்மா: ஓஆர்எஸ்ஸில் இனிப்பு இருக்கிறதே, சர்க்கரைக்காரருக்குக் கொடுக்கலாமா?

மலர் அக்கா: கொடுக்கலாம் சித்தி. உப்பை உள்ளே இழுக்கத்தான் அந்தக் குளுக்கோஸ். அவர் ஏதாவது சாப்பிட்டாரா?

அம்மா: காலையில் அரை இட்லி. மாத்திரை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். மதியமும் கஷாயம் மட்டும்தான்.

மலர் அக்கா: மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கார்த்தி: அனுப்பிவிட்டேன் அக்கா. அப்பாவுக்கு இப்போது வியர்க்கிறது, கை நடுங்குகிறது என்கிறார்.

மலர் அக்கா: உடனே மீட்டரில் பார்.

கார்த்தி: 63.

பெரியப்பா: பார்த்தீர்களா, இலை வேலை செய்கிறது!

மலர் அக்கா: இல்லை அப்பா, இது அவருடைய மாத்திரையில் இருக்கிற கிளிமிபிரைடு செய்கிற வேலை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். கார்த்தி, குளுக்கோஸ் பவுடர் மூன்று டீஸ்பூன் குவித்து எடுத்து, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடு. வீட்டுச் சர்க்கரை வேண்டாம். அந்த அட்டையில் வோக்லிபோஸும் சேர்ந்திருக்கிறது. அது சீனியை உடைக்க விடாது, அதனால் சீனி கொடுத்தால் ஏறுவதற்கு நேரமாகும். கொய்யா இலையும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. குளுக்கோஸ் உடைய வேண்டியதில்லை, நேராக ஏறும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்.

கார்த்தி: 94. நடுக்கம் நின்றுவிட்டது.

மலர் அக்கா: நல்லது. இப்போது ரசம் சாதம் கொஞ்சம் குழைத்துக் கொடுங்கள். கிளிமிபிரைடின் வேகம் நாள் முழுக்க இருக்கும், மறுபடி இறங்கலாம். படுக்கும் முன்பும் நடு இரவிலும் பாருங்கள். இரவு மாத்திரையைப் போடுவதா வேண்டாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். மெட்பார்மினும் அதில் இருக்கிறது, உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைவது, குடித்ததெல்லாம் வாந்தி, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

அம்மா: டாக்டர் போனை எடுக்கவில்லை. கார்த்தி நேரில் போயிருக்கிறான்.

அத்தை: என் கேள்வியை விட்டுவிட்டாயே மலர்.

மலர் அக்கா: உங்களுக்கு மெட்பார்மினா அத்தை? ஆரம்பத்தில் பலருக்கும் அது வயிற்றைக் கலக்கும். இலையால் அதை அடக்காதீர்கள். சாப்பாட்டோடு போடுகிறீர்களா என்று பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவார்.

பெரியப்பா: அப்படியென்றால் இலையில் ஒன்றுமே இல்லையா? ஜப்பானில் பாட்டிலில் அடைத்து விற்கிறார்களாமே.

மலர் அக்கா: இருக்கிறது அப்பா. சர்க்கரை கவலை உள்ளவர்களுக்கு என்றே அங்கே 2000-இல் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அதைச் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள். சோற்றில் உள்ள மாவு உடைவதைத் தாமதப்படுத்துவதால், சாப்பிட்ட பிறகு ஏறும் ஏற்றம் கொஞ்சம் தணியும். நீங்கள் வெறும் வயிற்றில் குடித்தால் தாமதப்படுத்த அங்கே என்ன இருக்கிறது? மாத்திரைக்கு மாற்றாகும் அளவு பலமும் இல்லை.

பெரியப்பா: எனக்கு ஆறு மாதமாக அளவு நன்றாகத்தான் இருக்கிறது.

மலர் அக்கா: நீங்கள் மாத்திரையையும் விடவில்லையே அப்பா. எதனால் என்று எப்படிச் சொல்வது? இலை குடித்த நாளிலும் குடிக்காத நாளிலும், ஒரே மாதிரி சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து அளவைப் பார்த்து எழுதி வையுங்கள். அதை டாக்டரிடம் காட்டலாம்.

கார்த்தி: டாக்டரைப் பார்த்துவிட்டேன். இன்று இரவு மாத்திரை வேண்டாம், நாளைக் காலை சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு வரச் சொன்னார். இப்போது 131.