புதுப்பிப்பு: டார்கெட் மெசேஜ் மாற்றி எழுதியாச்சு

நான் இங்கே கேட்டிருந்தது: "'இந்த மாசமும் ஊத்திக்கிச்சு, யாருக்கும் அக்கறையே இல்ல'ன்னு சேல்ஸ் டீம் குரூப்ல என்னைப் போடச் சொல்றார் மேனேஜர். எப்படி மாத்துறது?"

முதலில் பாராட்டுங்க என்றார் ஒருவர். பாதி சரி, பொதுப் பாராட்டை யாரும் நம்ப மாட்டார்கள். விற்பனையில் பழுத்த ஒரு அண்ணன், சரக்கு இல்லாத குறையைத் தனியாகப் பிரிக்கச் சொன்னார். அதுதான் வேலை செய்தது. போனது இப்படி:

"டார்கெட் 12 லட்சம், முடித்தது 9.6. குறைவு 2.4 லட்சம். அதில் 1.5 லட்சம் பாகூர் லைனில் சரக்கு வராததால். அது என் பொறுப்பு. மீதி 90 ஆயிரம் வில்லியனூர் லைனில் ஆர்டர் விடுபட்ட கடைகள். அந்தப் பட்டியல் வெள்ளி மாலைக்குள் வேண்டும். லாஸ்பேட்டை லைன் முழுசா முடித்தது, நன்றி."

லைன் பெயரைச் சொன்னாலே அந்த ரூட்டில் போகிற ஆள் யாரென்று தெரிந்துவிடுமே என்கிறார் அண்ணன். வில்லியனூரை மட்டும் தனியாக அனுப்பலாமா?