“நிறுத்திவைக்கப்பட நேரிடும்”: யார் நிறுத்துவார்?

கோப்புக்கட்டு
எளிய நடைக்குத் திருத்திய ஓய்வூதியச் சுற்றறிக்கையில் வரி ஒன்று இன்னும் உறுத்துகிறது. “வாழ்நாள் சான்றிதழ் உரிய காலத்திற்குள் சமர்ப்பிக்கப்படாத நேர்வில், ஓய்வூதியம் வழங்கல் நிறுத்திவைக்கப்பட நேரிடும் என இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.” கடைசி மூன்று சொல்லை வெட்டுவது சுலபம். ஆனால் யாரிடம் கொடுப்பது, எந்தத் தேதிக்குள், நிறுத்துவது வங்கியா அலுவலகமா, எதுவுமே வரியில் இல்லை. எழுதிய பிரிவைக் கேட்ட பிறகுதான் திருத்த முடிந்தது:

“நவம்பர் 30-க்குள் வாழ்நாள் சான்றிதழை உங்கள் வங்கிக் கிளையில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் வங்கி உங்கள் ஓய்வூதியத்தை நிறுத்திவைக்கும். பிறகு கொடுத்ததும் நிலுவையோடு வழங்கும்.”

மூன்றாவது வாக்கியம் மூலத்தில் இல்லவே இல்லை. படிப்பவர் முதலில் கேட்பதோ அதைத்தான்.

அரைப்புள்ளி
இவ்வளவு எதற்கு? “ஓய்வூதியம் நின்றுவிடும்” என்றால் போதுமே. கோப்பில் செயப்பாட்டு வினையைக் காட்டும் ‘படு’ என்று தேடி ஒவ்வொன்றாக மாற்றினால் வேலை முடிந்தது.

ஒற்றுப்பிழை
முடியாது. ‘நின்றுவிடும்’ என்றால் மழை நிற்பதுபோல் தானாக நிற்கும். ‘படு’ போனதே தவிர, ஆள் வரவில்லை. அலுவலகமே நிறுத்துவதாக இருந்தால் ‘நிறுத்திவைப்போம்’ என்ற ஒரு சொல் போதும், விகுதியிலேயே ஆள் இருக்கிறார். வங்கி என்றால் வங்கியைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

‘படு’ தேடினால் ‘பயன்படுத்தி’, ‘ஏற்படும்’ எல்லாம் வந்து விழும். அவை செயப்பாட்டு வினையே அல்ல. “சரிபார்ப்புப் பணி மேற்கொண்டு” என்பதோ தப்பிவிடும். அங்கே வினை பெயருக்குள் ஒளிந்திருக்கிறது, ‘சரிபார்த்து’ என்று வெளியே எடுக்க வேண்டும். ‘மேற்கொண்டு’, ‘பொருட்டு’, ‘நேர்வில்’ மூன்றையும் தேடிப் பாருங்கள், பாதிக் குப்பை அங்கேதான். இன்னொன்று: “விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டாது” என்பது ஒருமை பன்மைப் பிழையும்கூட. ‘ஏற்க மாட்டோம்’ என்று எழுதினால் பிழைக்கே இடமில்லை.

தனித்தமிழ்ப்பித்து
‘சமர்ப்பி’ வடசொல். ‘ஒப்படை’ என்று மாற்றினாலே எல்லாருக்கும் புரியும்.

ஒற்றுப்பிழை
“ஒப்படைக்கப்படாத நேர்வில்” புரிகிறதா?

கீழ்மேசை
‘நேரிடும்’ என்பதை யாரும் கவனிக்கவில்லை. ‘நிறுத்தலாம்’ என்பதா, ‘நிறுத்தியே தீரும்’ என்பதா? திருத்தத்தில் ‘நிறுத்திவைக்கும்’ என்று உறுதியாகிவிட்டது. விதியில் அதிகாரிக்கு விருப்புரிமை இருந்தால் நீங்கள் மாற்றியது நடையை அல்ல, விதியை. அதோடு இதே சுற்றறிக்கை கிளை மேலாளருக்கும் போகிறது. ‘கொடுங்கள்’ என்பதை அவர் யாருக்கு என்று எடுத்துக்கொள்வார்? ஊழியருக்கு ஒரு தாள், ஓய்வூதியருக்கு ஒரு தாள் என்று பிரிப்பதே நல்லது.

கோப்புக்கட்டு
பிரிக்கலாம். ‘நேரிடும்’ பற்றிப் பிரிவில் இருவரைக் கேட்டதற்கு இரண்டு பதில் வந்தது.