உன்னா நுன்னா, இயா காவா? கொரிய உருபுகளோடு உங்கள் அனுபவம்

இருங்காட்டுக்கோட்டை:
தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன், மாலையில் சிலருக்குக் கொரிய மொழி சொல்லித் தருகிறேன். பேச்சுப் பொருளைக் காட்ட உன்/நுன், எழுவாய்க்கு இ/கா, செயப்படுபொருளுக்கு உல்/ருல். மெய்யில் முடியும் சொல்லுக்கு முதல் வடிவம், உயிரில் முடிந்தால் இரண்டாவது. (உன், உல் இரண்டிலும் வரும் உகரத்தை ‘பாக்கு’ என்பதன் கடைசி உகரம் போல உதடு குவிக்காமல் சொல்ல வேண்டும்.)

பட்டியல் எல்லோருக்கும் சீக்கிரம் மனப்பாடமாகிவிடுகிறது. காதில் விழும்போதுதான் தடுமாறுகிறார்கள். புத்தகம் ‘சேக்’. அதோடு இ சேர்ந்தால் ‘சேகி’, உல் சேர்ந்தால் ‘சேகுல்’. மெய் அடுத்த உயிரின் மேல் ஏறிக்கொள்கிறது, நடுவில் வரும் ககரம் ‘பகல்’ என்பதில் போல மெலிகிறது. நம் வகுப்பில் ஒருவர் ‘சேகி’ என்ற சொல்லை அகராதியில் தேடிக்கொண்டிருந்தார்! உங்களுக்கு எந்த இடத்தில் இது பிடிபட்டது?

சுவோன்வாசி:
எனக்கு உடையும் பூவும்தான் கண்ணைத் திறந்தன. தனியாகச் சொன்னால் உடை ‘ஒத்’, பூ ‘க்கொத்’. இரண்டும் ஒரே தகரத்தில் முடிவது போலவே கேட்கும். எழுவாய் உருபு சேர்ந்ததும் ஒன்று ‘ஒஷி’, மற்றது ‘க்கொச்சி’. எழுத்தில், அசைக் கட்டத்தின் அடியில் இருக்கும் மெய் வேறு வேறு. உருபு வந்தால்தான் அது வெளியே தெரிகிறது. அதனால் புதுச் சொல் படிக்கும்போது உருபோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன்.

ஆனால் இங்கே எல்லோரும் இலக்கணப்படி பேசுவதில்லை. முழங்கால் ‘முருப்’, எழுத்துப்படி அடியில் மூச்சோடு சொல்லும் பகரம் இருக்கிறது. இ சேர்த்து ‘முருபி’ என்று அந்தப் பகரத்தை மெலித்துச் சொல்கிறவர்களே எனக்கு அதிகம் வாய்த்தார்கள்.

டிராமாப்பிரியை:
நான் பார்க்கும் தொடர்களில் ருல் கிடைப்பதே அபூர்வம்! ‘பப் மொகொஸ்ஸொ?’ என்றுதான் கேட்கிறார்கள், ‘சாப்பாடு சாப்பிட்டியா’ என்று நாம் கேட்பது மாதிரியே. ‘நான்’ என்று தமிழ் போலவே ஒன்று அடிக்கடி காதில் விழுகிறதே, அதுவும் உருபா?

இருங்காட்டுக்கோட்டை:
ஆமாம். ‘நா’ என்றால் நான். நா + நுன் பேச்சில் சுருங்கி ‘நன்’ ஆகிறது. ‘நா + ருல்’ அதே போல ‘நல்’. உயிரில் முடியும் சொல்லில்தான் இந்தச் சுருக்கம் நடக்கும்.

குறியீட்டாளர்:
எழுத்தின் அடியில் மெய் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், வேறெதுவும் வேண்டாம். யூனிகோடில் கொரிய எழுத்துக் கட்டங்கள் 28, 28 ஆக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு அடுக்கிலும் முதலாவது அடியில் மெய் இல்லாதது, மற்ற 27 மெய் உள்ளவை. எங்கள் செயலியில் பயனர் பெயருக்குப் பின்னால் உன் அல்லது நுன் போட இதைத்தான் எழுதினேன்:

```python
def topic(w):
    return w + ("은" if (ord(w[-1]) - 0xAC00) % 28 else "는")
```

சுவோன்வாசி:
கொரிய எழுத்தில் முடியும் பெயருக்கு இது சரி. எண்ணிலோ ஆங்கில எழுத்திலோ முடிந்தால் என்ன ஆகும்? உருபு பார்ப்பது வாயால் படிக்கும் ஒலியைத்தான். 7 ‘சில்’, அதனால் உன். 2 ‘இ’, அதனால் நுன். இலக்கமாகப் படித்தால் 2, 4, 5, 9 உயிரில் முடியும், மற்றவை மெய்யில். ஆனால் அதே 2 பொருள்களை எண்ணும்போது ‘துல்’ ஆகி லகரத்தில் முடியும். இதை நிரல் எப்படிக் கண்டுபிடிக்கும்? அதனால்தான் பல மென்பொருள்களின் அறிவிப்புகளில் `은(는)`, `을(를)` என்று இரண்டையும் போட்டுவிடுகிறார்கள். படிக்க உறுத்தும், ஆனால் தவறு வராது.

கார்த்திக்:
என் பெயரை அலுவலகத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ‘கார்திக்’ என்று ககரத்தை அடியில் வைத்தால் உன், இ. ‘கார்திகு’ என்று கடைசியில் உயிர் சேர்த்தால் நுன், கா. அடையாள அட்டையில் ஒன்று, மின்னஞ்சலில் இன்னொன்று. எது சரி?

இருங்காட்டுக்கோட்டை:
நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ற உருபு வரும். ‘கார்திக்’ தமிழ் ஒலிக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பழஞ்சுவடி:
மெய்க்குப் பின் உயிர், உயிருக்குப் பின் மெய் என்று ஓசை வசதிக்காக வந்த ஏற்பாடு என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். அது முழுக் கதை இல்லை. 15ஆம் நூற்றாண்டு நூல்களில் எழுவாய்க்கு ‘கா’ கிடையாது, ‘இ’ வகைதான். ‘கா’ அதற்குப் பிறகு நுழைந்தது. அதன் தடம் இன்றும் ‘நேகா’வில் இருக்கிறது: நா + இ சேர்ந்து ‘நே’ ஆகி, அதன் மேல் காவும் வந்தது. ஒரே சொல்லில் இரண்டு எழுவாய் உருபு.

குறியீட்டாளர்:
அப்போ ‘உடன்’ என்பதற்கு வரும் வா/க்வா? உயிருக்குப் பின் வா, மெய்க்குப் பின் க்வா. ‘சேக்’ என்பதோடு ‘க்வா’, மெய்யின் மேல் மெய். ஓசை வசதி என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்கிறது?

பழஞ்சுவடி:
தலைகீழ்தான். பழைய நூல்களில் சில உயிர்களுக்குப் பின்னாலும் க்வா வந்திருக்கிறது, பிறகுதான் இப்படிப் பிரிந்தது. ஏன் இந்தப் பக்கமாகப் பிரிந்தது என்பதற்கு என்னை நிறைவு செய்த விளக்கம் இதுவரை கிடைக்கவில்லை. யாராவது படித்திருந்தால் எழுதுங்கள்.