செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வந்தார்

குடியாத்தம் தறிக்காரன்:
நைனாவுக்கு 68 வயது. ப்ராஸ்டேட் கேன்சர். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, இரண்டு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. தை மாசம் நடு முதுகில் வலி வந்தது. தறியில் உட்கார்ந்த முதுகு வலிக்காதா என்று விட்டுவிட்டோம். படுத்தால் கூடுகிறது என்று மூன்று வாரம் நாற்காலியிலேயே தூங்கினார். நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குகிறது என்றார், கேஸ் என்று சோடா வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் கடைக்குப் போய் வந்தார். வலது செருப்பு வாசப்படியில் கிடக்கிறது, அவர் கூடத்தில் நிற்கிறார். "செருப்பு எங்கே நைனா?" என்றேன். குனியாமலே, "போட்டுக்கினுதான்டா இருக்கேன்" என்றார்.

திங்கள் எலும்பு டாக்டர். எக்ஸ்ரே பார்த்துத் தேய்மானம் என்று பெல்ட் கொடுத்தார். செவ்வாய் முழுக்க வெந்நீர் ஒத்தடம். புதன் விடிகாலை கட்டிலிலிருந்து இறங்கும்போது இரண்டு காலும் மடிந்துவிட்டன. வேலூர் கொண்டுபோய் டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்குக் கிட்ட மூத்திரம் வந்தது. முந்தின ராத்திரியிலிருந்து போகவே இல்லை என்று அப்போதுதான் சொன்னார். அன்றைக்கே ஸ்டீராய்டு, எம்ஆர்ஐ. கேன்சர் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்துகிறது என்றார்கள். மறுநாள் ரேடியேஷன். இரண்டு மாசம் ஆகிறது, கால் விரல் மட்டும் அசைகிறது. "திங்கட்கிழமையே வந்திருந்தா..." என்று ஒரு சின்ன டாக்டர் ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மீதி என்ன?

ஆம்பூர் பஸ் டிரைவர்:
எனக்கும் இதேதான் அண்ணா. கீழ் முதுகு டிஸ்க், கால் வரைக்கும் இழுக்கும். பத்து நாள் பாயில் படுத்தேன், சரியாகிவிட்டது. மெத்தையை முதலில் தூக்கிப் போடுங்கள். பைக் வேண்டாம், குனிந்து குடம் தூக்க வேண்டாம், காலையில் எழுந்ததும் முழங்காலை மடக்கி நெஞ்சுக்குக் கொண்டுவந்து இருபது எண்ணுங்கள். நைனாவையும் செய்யச் சொல்லுங்கள்.

வாலாஜா சிஸ்டர்:
தம்பி, அவருக்கு அந்த மடக்கல் எதுவும் வேண்டாம். கேன்சர் எலும்பை அரித்திருந்தால் ஆபத்து. டாக்டர் சரி என்கிறவரை நேராகப் படுக்கவைத்து, திருப்பினால் கட்டை மாதிரி ஒரே சேரத் திருப்ப வேண்டும். டிஸ்க் வலி பெரும்பாலும் படுத்தால் குறையும். இது படுத்தால் கூடும், இருமினாலும் முக்கினாலும் கூடும். கயிறு கட்டின மாதிரி என்றாரே, அது நடு முதுகில் நரம்பு நசுங்குகிறதன் அடையாளம். கேன்சர்காரர் அப்படிச் சொன்னால் அன்றைக்கே முழு முதுகுக்கும் எம்ஆர்ஐ வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

ரேடியேஷன் வார்டில் 22 வருடம் இருந்தேன். கட்டி அழுத்தும்போது முதலில் சிரை ரத்தம் வடியாமல் தண்டுவடம் வீங்கும். அதுவரை மீட்கலாம். அப்புறம் ரத்தமே போகாமல் நரம்பு செத்துவிடும். ஒரே வாரத்தில் இரண்டு அம்மாக்கள், இரண்டு பேருக்கும் மார்புக் கேன்சர். ஒருத்தி வாக்கர் பிடித்து வந்தாள், நடந்தே வீட்டுக்குப் போனாள். இன்னொருத்தி கால் விழுந்து மூன்றாம் நாள் ஸ்ட்ரெச்சரில் வந்தாள். வலி போனது, கால் வரவில்லை.

ஆரணி மாப்பிள்ளை:
ஸ்டீராய்டுதான் மருந்து. எங்கள் மாமாவுக்கு உள்ளூர் டாக்டர் டெக்ஸா 16 மில்லிகிராம் போட்டார், ராத்திரியே எழுந்து நின்றார். கேன்சர் உள்ள வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்த எலும்பு டாக்டரைச் சும்மா விடாதீர்கள். ஆபரேஷன் ஏன் செய்யவில்லை என்றும் கேளுங்கள்.

வாலாஜா சிஸ்டர்:
உங்கள் மாமா நின்றது வீக்கம் வடிந்ததால். கட்டி அங்கேயேதான் இருந்திருக்கும். ஸ்டீராய்டு நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். வீட்டில் போட்டு நன்றாகிவிட்டது என்று இரண்டு நாள் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சுகர் வேறு எகிறும். சில கட்டிகள் ஸ்டீராய்டிலேயே சுருங்கி, பிறகு சதை எடுத்துப் பார்த்தாலும் என்ன கேன்சர் என்று தெரியாமல் போகும். ஆபரேஷன் எல்லோருக்கும் இல்லை. ஓரிடத்தில் மட்டும் அழுத்தி, உடம்பும் தாங்கி, கால் விழுந்து இரண்டு நாள் தாண்டாமல் இருந்தால்தான் பெரும்பாலும் செய்வார்கள்.

ஆரணி மாப்பிள்ளை:
மாமா அதற்கப்புறம் ஐந்து மாசம் நடந்தார் சிஸ்டர். நான் கண்ணால் பார்த்தது.

வாலாஜா சிஸ்டர்:
ரேடியேஷன் கொடுத்தார்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

தறிக்காரத் தம்பி, திங்கள் அவர் தன் காலில் நடந்துதானே கிளினிக் போனார்? நடக்கிற நிலையில் வைத்தியம் ஆரம்பித்தால் பெரும்பாலும் நடை நிலைக்கும். அவருக்கு நிலைத்திருக்குமா என்று நான் சொல்ல முடியாது.

குடியாத்தம் தறிக்காரன்:
நடந்துதான் போனார், மாடிப்படி ஏறி. டாக்டர் சீட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். வயது, முதுகுவலி, பெல்ட், மாத்திரை, அவ்வளவுதான் இருக்கிறது. வேறு ஏதாவது வியாதி உண்டா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊசி அட்டை அன்றைக்கு என் சட்டைப் பையில்தான் இருந்தது.